இணைப்புச் சீட்டுகள்

வெள்ளானூரில் ஏரியைப் பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்துவதென்று சிலர் முடிவு செய்தபோது, அதை நடத்திக் கொடுக்க அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி இயற்பியல் டீச்சரைப் பிடித்தார்கள். டீச்சர் என்னைப் பிடித்தார். சென்னை வானொலியில் பல வருடம் பகுதிநேர அறிவிப்பாளனாக இருந்தவன் என்பதால், இரண்டு பேச்சுக்கு நடுவே என்ன சொல்வது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மார்ச் 22 கிராம சபை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, அதாவது 2023 மார்ச் 26 என்று நாள் குறித்திருந்தார்கள். ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022-இல் ஆறாக ஆனபோது சேர்ந்த இரண்டு நாட்களில் ஒன்று, இந்த உலகத் தண்ணீர் நாள். தண்ணீர் பற்றிய பேச்சு ஊரில் சூடாக இருக்கும்போதே பேசிவிடலாம் என்பது கணக்கு.

ஆவடியில் என் வீட்டுக்கு வந்த டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, கடைசியில நான் தீர்ப்பு சொல்லணுமா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் மேடையில் நாலு நாற்காலி போட்டாலே ஜனங்கள் பட்டிமன்றம் என்று நினைத்துக்கொள்வார்கள். சாலமன் பாப்பையா மாதிரி நடுவில் ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கேட்டு, நகைச்சுவையோடு தட்டிக்கொடுத்துக் கடைசியில் தீர்ப்பு வழங்கவேண்டும். தொலைக்காட்சி பார்க்கிறவர்களுக்கு 'நீயா நானா'. அங்கே இரண்டு அணியும் மோதிக்கொள்ள வேண்டும். கலந்துரையாடலில் அணியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பேசுகிற நாலு பேரும் நாலு திசையிலிருந்து ஒரே விஷயத்தைப் பார்க்கிறவர்கள். நடத்துகிறவருடைய வேலை, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவரைப் பிடிக்க வைப்பது. அதனால் எழுதி வைக்கவேண்டியதும் அந்த இடங்கள்தான். பேச்சாளர்களின் பேச்சை நாம் எழுத முடியாது, நமது கருத்தை எழுத வேண்டிய அவசியமும் இல்லை. தொடங்குகிற இரண்டு நிமிடம், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிற அரை நிமிடங்கள், நிறுத்தச் சொல்கிற ஒரு வரி, கேள்வி நேரத்தின் நாலைந்து வரிகள். இவ்வளவுதான் கையில் இருக்க வேண்டும்.

"அப்ப மொத்தம் எத்தனை பக்கம் வரும்?" என்றார். பக்கக் கணக்கே வேண்டாம், சீட்டுக் கணக்கு வைத்துக்கொள்வோம் என்றேன். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஒரு இணைப்புக்கு ஒரு சீட்டு. எழுத்துப் பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு. ஒரு வாக்கியம் ஒரு சீட்டில் தொடங்கி அடுத்ததில் முடியக்கூடாது. மூலையில் எண். ஸ்டேப்லர் போடக்கூடாது, புரட்டும் சத்தம் மைக்கில் இடி மாதிரி கேட்கும். அதோடு, ஒரு பேச்சாளர் வராமல் போனால் அந்தச் சீட்டை மட்டும் உருவி எடுத்துவிடலாம். கைபேசியைப் பார்த்துப் படிக்கலாமே என்றார். திரை அணையும், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, குனிந்து கைபேசியைப் பார்க்கிற ஆளைப் பார்த்தால் வாட்ஸ்அப் பார்க்கிறார் என்றே கூட்டம் நினைக்கும்.

முதலில் நேரத்தைப் பங்கிட்டோம். மாலை 5 முதல் 6.30 வரை, 90 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே அந்தக் கால அளவும் இருக்கிறது, எனவே அதில் சந்தேகமே இல்லை. வரவேற்புரை 3 நிமிடம். டீச்சரின் தொடக்கம் 2. நாலு பேருக்கும் தலைக்கு 8 ஆக 32. அவர்களுக்குள் பேசிக்கொள்ள 15. கூட்டத்தின் கேள்விகளுக்கு 30. முடிக்க 3. கூட்டிப் பார்த்தால் 86. மீதி 4 நிமிடம் யாருக்கும் சொல்லாமல் பைக்குள் வைத்துக்கொள்கிற நேரம்.

பொன்னாடைக்கு இதில் இடமே இல்லை என்று ஏற்பாட்டாளர் ஒருவர் கண்டுபிடித்தார். கடைசியில் வைத்துக்கொள்ளலாமே என்று டீச்சர் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "கடைசியில போட்டா யாரு பார்ப்பாங்க?" போர்த்திக்கொள்பவரை விடப் போர்த்துகிறவருக்குத்தான் ஆள் வேண்டும் என்பது தமிழ்நாட்டு மேடைகளின் ரகசியம். ஒவ்வொரு பேச்சாளரையும் அழைக்கும்போது ஒரு பொன்னாடை என்றால், பெயர் அறிவித்து, ஆள் மேலே வந்து, புகைப்படம் எடுத்து, இரண்டு நிமிடம் போய்விடும். நாலு தடவைக்கு எட்டு நிமிடம், அதாவது ஒரு பேச்சாளரின் முழு நேரம். அதைவிட மோசம், ஒருவர் பேசி முடித்த சூடு அந்த இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். கடைசியில், வரவேற்புரையின் உள்ளேயே நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் நாலு பேர் போர்த்துவது, ஒரே புகைப்படம் என்று சமாதானம் ஆனது.

அடுத்த சிக்கல் 'அவர்களே'. டீச்சர் எழுதிக்கொண்டு வந்திருந்த தொடக்கத்தில் முதல் முக்கால் பக்கம் அவர்களே, அவர்களே, அவர்களே. இதைப் படிக்கவே ஒன்றரை நிமிடம் ஆகும். வெட்டச் சொன்னால் பயப்பட்டார். ஒரு பெயர் விட்டுப் போனால் ஆறு மாதத்துக்கு அந்த வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அதுவும் உண்மை. அதனால் பெயர்கள் எல்லாம் வரவேற்புரைக்குப் போயின. வரவேற்கிறவர் எல்லாப் பெயரையும் சொன்ன பிறகு நடத்துகிறவர் திரும்பவும் சொல்லத் தேவையில்லை. "எல்லாருக்கும் வணக்கம்" என்றால் போதும்.

அதற்கப்புறம் என்ன என்பதில்தான் நிறைய நேரம் உட்கார்ந்தோம். "நீரின்றி அமையாது" என்று தொடங்கினால் கேட்கிறவர்களுக்கு அடுத்த வரி என்ன என்று தெரிந்துபோகும், பையிலிருந்து கைபேசியை எடுத்துவிடுவார்கள். அவர்கள் உடம்பை ஒரு தடவை அசைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். டீச்சரே ஒன்று சொன்னார்: "போர்வெல் பத்திக் கேட்டா எல்லாரும் பதில் சொல்லுவாங்க." அதை வைத்து எழுதியது இது:

"எல்லாருக்கும் வணக்கம். உங்க வீட்ல போர் இருந்தா கையைத் தூக்குங்க. (பார்க்கவும். அவசரப்பட வேண்டாம்.) நூறு அடிக்குக் கீழ போனவங்க மட்டும் கையை அப்படியே வச்சிருங்க, மத்தவங்க இறக்கிடலாம். இருநூறு அடிக்குக் கீழ? (எத்தனை கை நிற்கிறது என்று சொல்லவும்.) இந்தக் கைங்க எல்லாம் ஏரிக்கு எவ்வளவு தூரத்துல இருக்கு? இன்னைக்கு மேடையில இருக்கிற நாலு பேரும் அந்தக் கேள்விக்குத்தான் நாலு விதமா பதில் சொல்லப்போறாங்க. ஏரி யாருடையது, அது நிரம்பினா யாருக்கு லாபம், நிரம்பாட்டி யாருக்கு நஷ்டம். ஒவ்வொருத்தருக்கும் எட்டு நிமிஷம். நேரம் முடிஞ்சா நான் எழுந்து நிப்பேன், அது கோபத்துல இல்ல. ஆறு மணிக்கு முன்னாடியே மைக் உங்க பக்கம் வந்துடும். வாசல்ல கொடுத்த சீட்டுல இப்பவே கேள்வி எழுத ஆரம்பிக்கலாம்."

இது என் வேகத்தில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, கை தூக்கும் நேரத்தோடு சேர்த்தால் இரண்டு. வானொலியில் நான் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் படிப்பேன். எதிரொலிக்கிற சமுதாயக் கூடத்தில் 80-க்கு மேல் போனால் பின்வரிசைக்குக் கேட்காது. டீச்சரை வீட்டில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். கண்ணால் படித்து நேரம் பார்த்தால் எப்போதும் பாதிதான் காட்டும். உரக்கப் படித்ததில் இன்னொரு லாபம், எந்த வரி வாயில் சிக்குகிறது என்று தெரியும். 'நிலத்தடி நீர்மட்டச் சரிவு' என்று நான் எழுதியிருந்த இடத்தில் டீச்சர் மூன்று தடவையும் தடுக்கினார். 'போர்ல தண்ணி கீழ போறது' என்று மாற்றிக்கொண்டார்.

நேர விதியைத் தொடக்கத்திலேயே கூட்டத்தின் முன்னால் சொல்லிவிடுவது முக்கியம். மேடைக்குப் பின்னால் தனியாகச் சொன்னால் பேச்சாளர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். கூட்டத்துக்கும் தெரிந்துவிட்டால் டீச்சர் எழுந்து நிற்கும்போது முன்வரிசையே அவரைப் பார்க்கும். பேசுகிறவருக்கு அது உறைக்கும்.

பேச்சாளர்கள் நாலு பேர். நீர்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர், பக்கத்துக் கல்லூரி நிலவியல் பேராசிரியை, மகளிர் சுய உதவிக் குழுவை நடத்துகிற ஒரு அம்மா, எழுபது வயது தாண்டிய ஒரு விவசாயி. அழைப்பிதழில் இதே வரிசையில்தான் பெயர்கள் அச்சாகியிருந்தன. பதவிப்படி. பேசுகிற வரிசையும் அதுவாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் அதைத் தலைகீழாக்கச் சொன்னேன். பொறியாளர் முதலில் பேசிவிட்டால் அந்தப் பெரியவர் எழுந்து "ஐயா சொன்ன மாதிரி" என்று தொடங்கி, ஐயா சொன்னதையே சொல்லி உட்கார்ந்துவிடுவார். விவசாயி முதலில் பேசினால் பொறியாளருக்குப் பதில் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கும். கண்ணால் பார்த்தவர் முதலில், கணக்கு வைத்திருப்பவர் பின்னால். அழைப்பிதழ் வரிசை மாறினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற கவலைக்கு ஒரு வழி: பொறியாளரிடம் டீச்சரே போனில் கேட்டார். "சார், எல்லாரும் கேள்வி எழுப்பிட்டு நீங்க பதில் சொல்ற மாதிரி வச்சிருக்கேன்." அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

எல்லாப் பேச்சாளரையும் டீச்சர் முன்கூட்டியே போனில் அழைத்துப் பத்து நிமிடம் பேசியதுதான் மொத்த ஏற்பாட்டிலும் பெரிய வேலை என்பேன். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டால் தலைப்பைத்தான் சொல்வார்கள். அதனால் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: இந்த விஷயத்தில் உங்கள் கண்ணால் பார்த்த ஒன்று எது? மற்ற மூன்று பேரில் யார் சொல்வதை நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள்? இரண்டாவதுக்குக் கிடைத்த பதில்கள்தான் இணைப்புகளுக்கு வேண்டிய சரக்கு. பெரியவர், கலங்கலை உயர்த்தியதால்தான் மழைக்காலத்தில் தன் வயல் மூழ்குகிறது என்றார். பொறியாளர், கலங்கல் உயரம் காரணமே இல்லை, வரத்துக் கால்வாயும் உபரிநீர் போகிற வாய்க்காலும் அடைபட்டதுதான் காரணம் என்றார். இருவருக்கும் அடுத்தவர் சொன்னது தெரியாது. டீச்சருக்கு மட்டும் தெரியும்.

இனி இணைப்பு எப்படி எழுதினோம் என்பது. மேடைகளில் நாம் கேட்கிற இணைப்பு இது: "மிக அருமையாகத் தனது கருத்துகளை எடுத்துரைத்த ஐயா அவர்களுக்கு நன்றி. அடுத்ததாகப் பேச வருமாறு பொறியாளர் அவர்களை அன்போடு அழைக்கிறேன்." இதில் பேசியவர் என்ன பேசினார் என்று ஒரு தடயமும் கிடையாது. அவர் பேசும்போது நடத்துகிறவர் தூங்கியிருந்தாலும் இதே வரியைச் சொல்லலாம். முழுவதும் முன்கூட்டியே எழுதி வைத்தால் இப்படித்தான் வரும். ஒன்றும் எழுதாமல் போனாலும் இப்படித்தான் வரும், ஏனென்றால் பதற்றத்தில் வாய் பழகிய தடத்துக்கே போகும். அதனால் பாதி எழுதி, நடுவில் கோடு போட்டு விட்டோம். பெரியவரிடமிருந்து அடுத்து பேசவிருந்த குழு அம்மாவுக்கும், பேராசிரியையிடமிருந்து பொறியாளருக்கும் போகிற சீட்டுகளில் இரண்டாவது இப்படி இருந்தது:

"மேடம், ________ன்னு சொன்னீங்க. (அவர் சொன்ன ஒரு சொல்லை அப்படியே.) இதையே ஐயா முதல்ல வயல் பக்கத்துலேருந்து சொன்னாரு: கலங்கலைத் தூக்கிட்டாங்க, என் பயிரு முங்குதுன்னு. சார், நீங்க கலங்கல் கட்டின பக்கத்துலேருந்து வர்றீங்க. தண்ணி தேங்குறதுக்குக் கலங்கல் உயரம்தான் காரணமா, இல்ல வேற எங்கேயாவது அடைப்பா?"

கோடிட்ட இடத்தை டீச்சர் பேராசிரியை பேசும்போதே பென்சிலால் நிரப்பினார். இரண்டாம் பகுதி, மூன்று பேச்சுக்கு முன்னால் சொன்னதை மறக்காமல் திரும்ப எடுக்கும் வரி. அது முன்கூட்டியே தெரிந்ததால் எழுத முடிந்தது. மூன்றாவது பகுதி ஒரு கேள்வி. 'பேச அழைக்கிறேன்' என்றால் பேச்சாளர் தன் உரையை முதலிலிருந்து தொடங்குவார், மேடை, சபை, வாய்ப்பளித்தவர்கள் என்று முதல் இரண்டு நிமிடம் போகும். கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். சீட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கேள்வி: பெரியவர் போனில் சொன்னதை மேடையில் சொல்லாமல் விட்டுவிட்டால் கேட்பதற்கு. நேரில் அவர் சொன்னார், கைவிரலை நீட்டி மேலே தூக்கிக் காட்டியே சொன்னார். பின்பக்கம் தேவைப்படவில்லை.

அறிமுகமும் இதே இடத்தில்தான் வரவேண்டும், மொத்தமாகத் தொடக்கத்தில் அல்ல. நாலு பேரையும் ஒரே மூச்சில் அறிமுகம் செய்தால் நாலாமவர் பேச வரும்போது அவர் யார் என்று யாருக்கும் நினைவிருக்காது. பேராசிரியை அனுப்பியிருந்த குறிப்பு ஒன்றரைப் பக்கம். வெளியிட்ட கட்டுரைகள், கலந்துகொண்ட மாநாடுகள். அதை இரண்டு வரியாக்கினோம்: எந்தப் பாறை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதைக் கற்றுக்கொடுக்கிறவர், மாணவர்களோடு இந்தப் பக்கத்துக் கிணறுகளை அளந்தவர். பெயரை எப்போதும் கடைசியில் வைப்போம். பெயர் முதலில் வந்தால் கைத்தட்டு முதலிலேயே எழுந்து, பின்னால் சொல்கிற இரண்டு வரியையும் மூழ்கடித்துவிடும்.

பொறியாளர்தான் நேரம் தாண்டுவார் என்று எதிர்பார்த்தோம், தாண்டினார். ஆறாம் நிமிடத்தில் தன்னார்வலர் ஒருவர் '2' என்று எழுதிய அட்டையைக் காட்டினார். எட்டில் டீச்சர் எழுந்து நின்றார். பொறியாளர் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். அந்தச் சமயத்தில் அவர் 2019 கோடையில் இருந்தார். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் வறண்ட அந்த ஜூன் மாதத்தைச் சொல்லி, 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் புழலே நம் கிழக்குப் பக்கத்தில் கட்டாந்தரையாகக் கிடந்தது, சின்ன ஏரிகளை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பினால் இப்படித்தான் என்று போய்க்கொண்டிருந்தார். நல்ல விஷயம், கூட்டமும் கேட்டது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் கேள்வி நேரத்திலிருந்துதான் போகும்.

நிறுத்துவதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எப்போது நுழைவது, எந்த வார்த்தையோடு நுழைவது. நம் ஆட்கள் பேசும்போது முற்றுப்புள்ளியே வைக்கமாட்டார்கள். வந்து, பார்த்து, அதனால, இருந்தாலும் என்று சங்கிலி நீளும். மூச்சு வாங்குகிற இடமென்று நினைத்து நடுவில் நுழைந்தால் வெட்டியது போலத் தெரியும். முடிகிற வினைச்சொல் ஒன்று வரும், '...கிடந்துச்சு', '...போயிடுச்சு' என்று. அதற்குப் பிறகு அரை விநாடி. அங்கே நுழைய வேண்டும். நுழையும் வார்த்தை அவருடையதாகவே இருக்க வேண்டும். "நேரமின்மை காரணமாக" என்று தொடங்கினால் அவமானம். டீச்சர் சொன்னது சீட்டில் இருந்த வரிதான், கோட்டை மட்டும் நிரப்பி: "சார், 'கட்டாந்தரை'ன்னு சொன்னீங்க பாருங்க, அதை அங்கேயே வையுங்க. ஐயா, அந்த வருஷம் உங்க கிணறு எப்படி இருந்துச்சு?" பெரியவர் மைக்கை எடுத்துவிட்டார். பொறியாளர் பேச்சு நின்றது அவருக்கே தெரியவில்லை, அவர் பெரியவர் பக்கம் திரும்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவர்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கிய 15 நிமிடமும் அப்படித்தான் தானாகத் தொடங்கியது.

அதில் கிடைத்த ஒரு தகவலை இங்கே சொல்லவேண்டும், கலந்துரையாடலின் தலைப்பே அதுதானே. ஏரி யாருடையது என்று குழு அம்மா நேரடியாகவே கேட்டார். 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன என்று பொறியாளர் விளக்கினார். ஒன்றின் உபரிநீர் மற்றொன்றுக்குப் போகும் சங்கிலியில் ஒரு ஏரிக்கு ஒரு அலுவலகம், அடுத்ததற்கு வேறு அலுவலகம் என்று ஆவது இப்படித்தான். "அப்ப வயலே இல்லாம வீடா ஆயிட்டா, ஆயக்கட்டு ஏது சார்?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். நாங்கள் எழுதிவைத்த எந்தக் கேள்வியும் இவ்வளவு நன்றாக இல்லை. அந்த இடத்தில் டீச்சர் வாயே திறக்கவில்லை. சும்மா இருக்க வேண்டிய இடம் என்று சீட்டில் எழுத முடியாது.

கேள்வி நேரத்துக்கு எங்களிடம் இரண்டு வழி இருந்தன. சீட்டில் எழுதி வாங்குவது, மைக்கைக் கொடுப்பது. பிபிசியில் 1979-இல் தொடங்கிய 'கொஸ்டின் டைம்' நிகழ்ச்சியில் கூட்டத்திடம் கேள்விகளை முன்பே எழுதி வாங்கி, தேர்ந்தெடுத்து, பிறகு எழுதியவரையே கேட்க வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்த அந்த முறைதான் எனக்குப் பிடித்தது. சீட்டு மட்டும் என்றால் கூட்டத்தின் குரலே கேட்காது. மைக் மட்டும் என்றால் முதலில் கை நீட்டுகிறவர் எப்போதும் பேசத் தெரிந்தவர். டீச்சர் சீட்டுகளைப் பார்த்து, முதல் கேள்வி ஒரு பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டார். இது பெருந்தன்மை அல்ல, கணக்கு. அலீசியா கார்ட்டரும் உடன் ஆய்வாளர்களும் 10 நாடுகளில் ஏறக்குறைய 250 பல்கலைக்கழகக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் அதன் பிறகு பெண்கள் கேட்கும் கேள்விகள் விகிதத்தில் குறைவதைக் கண்டார்கள். பல்கலைக்கழகத்திலேயே அப்படி என்றால், தண்ணீர் பிடிக்கிறவர்கள் பெண்களாக இருக்கிற ஊரில் ஆண்களே எழுந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மைக் தன்னார்வலர் கையை விட்டுப் போகக் கூடாது என்பது அடுத்த ஏற்பாடு. அவர் பிடித்திருப்பார், கேட்கிறவர் அதில் பேசுவார். கையில் கொடுத்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. கேள்வி முடிந்ததும் டீச்சர் அதை ஒரு வரியில் திருப்பிச் சொல்வார், யாருக்கு என்பதையும் சேர்த்து. பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பது வெளிக் காரணம். நீளமாக வந்ததைச் சுருக்கி, ஒரே ஒருவரிடம் கொண்டு சேர்ப்பது உள் காரணம். யாருக்கு என்று சொல்லாவிட்டால் நாலு பேரும் பதில் சொல்வார்கள், ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் போகும். மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கிப் பிறகு பதில் சொல்லும் வழக்கத்தை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. அதில் பேச்சாளர்கள் சுலபமானதை எடுத்துக்கொண்டு சங்கடமானதை நைசாக விட்டுவிடுவார்கள்.

கேள்வி என்ற பெயரில் உரையாற்றுகிறவர் கட்டாயம் ஒருவர் வருவார். வந்தார். மன்னர் காலத்தில் தொடங்கி, குடிமராமத்துக்கு வந்து, ஆங்கிலேயனைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தோம்: "ஐயா, நீங்க சொல்றதுல குடிமராமத்து முக்கியம்னு எடுத்துக்கிறேன். இன்னைக்கு இந்த ஊர்ல அதை யார் தொடங்கணும், அதுதானே உங்க கேள்வி? அம்மா, உங்க குழு செய்யுமா?" அவர் அது தன் கேள்வி இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் குழு அம்மா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பதில் அவருக்கே பிடித்துப்போனது. தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

எங்கள் கவலை வேறொரு கேள்வியைப் பற்றி. ஏரி என்று பேச்செடுத்தால் ஆக்கிரமிப்பு வரும். 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. புறநகரில் கூட்டம் போட்டால் ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களும் அதில் இருப்பார்கள், புறம்போக்கு என்று தெரியாமல் காசு கொடுத்து மனை வாங்கினவர்களும் இருப்பார்கள். யாராவது எழுந்து "என் வீட்டை இடிப்பாங்களா?" என்று கேட்டால், ஓய்வு பெற்றாலும் பொறியாளர் வாயிலிருந்து வருகிற வார்த்தை அவர்களுக்கு அரசாங்கத்தின் வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அடுத்த நாள் புகார் மனு. இதற்கு எழுதிய சீட்டை மட்டும் டீச்சர் மனப்பாடம் செய்திருந்தார்.

ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி எழுந்தார். "எங்க வீடு கரையோரம்..." என்று தொடங்கினதுமே டீச்சர் மேடையிலிருந்து இறங்கி இரண்டடி முன்னால் வந்தார். "அம்மா, ஒரு நிமிஷம். தெருப் பேரு, சர்வே நம்பர் எதுவும் மைக்ல வேண்டாம். உங்களுக்கு மட்டும் இல்ல, இங்க நிறைய பேருக்கு இருக்கிற கேள்வியா இதை மாத்திக் கேட்கிறேன், சரியா இருக்கான்னு பாருங்க. ஒரு இடம் ஏரிக்குள்ள வருதா வெளிய வருதான்னு சாதாரண ஆளு எப்படித் தெரிஞ்சுக்கிறது? சார், வீட்டைப் பத்தி இல்ல, வழியைப் பத்தி மட்டும் சொல்லுங்க." அந்தப் பெண்மணி தலையாட்டினார். பொறியாளர், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன என்று பார்ப்பது, கிராம வரைபடத்தோடு ஒப்பிடுவது, சந்தேகம் இருந்தால் அளவைக்கு மனு கொடுப்பது என்று வரிசையாகச் சொன்னார். மூன்று நிமிடம். பலர் எழுதிக்கொண்டார்கள். கேள்விச் சீட்டு எழுதியதை விட்டால், அந்த மாலையில் ஜனங்கள் பேனாவை எடுத்தது அப்போது ஒரு தடவைதான்.

"இன்னும் இரண்டு கேள்வி" என்று 6.20-க்குச் சொல்வதும் சீட்டில் இருந்தது. திடீரென்று நேரம் முடிந்தது என்றால் கையைத் தூக்கியிருப்பவர்களுக்குக் கோபம் வரும். இரண்டு என்று முன்பே சொன்னால் கூட்டமே இரண்டை எண்ணும். முடிக்கும்போது தொகுத்துச் சொல்லும் வேலையை டீச்சர் எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேரிடமும், இந்த வருடம் மழைக்கு முன்னால் செய்யவேண்டிய ஒரே ஒரு வேலை எது என்று கேட்டார், ஆளுக்கு ஒரு வாக்கியம். பெரியவரும் பொறியாளரும் ஒரே வேலையைச் சொன்னார்கள்: உபரிநீர் வாய்க்கால். கலங்கல் பற்றி இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

கேட்க நேரமில்லாமல் மேசையில் தங்கிவிட்ட சீட்டுகளை டீச்சர் அன்றிரவே பிரித்து அடுக்கினார். யாருக்கு என்று எழுதியவை, எழுதாதவை, கேள்வியே இல்லாமல் வாழ்த்து மட்டும் எழுதியவை. பெயர் இருந்த மூலைகளைக் கத்தரித்துவிட்டு, கேள்விகளை மட்டும் ஒரே தாளில் நகலெடுத்து மே 1 கிராம சபைக்குக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. அதிகம் பேர் கேட்டிருந்தது தூர் வாரினால் கிடைக்கும் வண்டல் மண்ணைப் பற்றி. வயலுக்கு எடுக்க யாரிடம் மனு கொடுக்க வேண்டும், செங்கல் சூளைக்குப் போகாமல் யார் பார்த்துக்கொள்வது என்று. முன் அழைப்பில் நாலு பேரில் ஒருவர்கூட வண்டலைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை போனில் பேச்சாளர்களைக் கேட்பதற்கு முன்னால் ரேஷன் கடை வரிசையில் நின்று கேட்கப்போவதாக டீச்சர் சொன்னார்.